முடித்த வேலையை எழுதி அடுத்த வாடிக்கையாளரை வரவழைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூலில் இருந்துகொண்டு, கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சிறு காண்ட்ராக்டர்களுக்கு வெப்சைட் எழுதிக் கொடுக்கிறேன். கேஸ் ஸ்டடி, அதாவது செய்து முடித்த ஒரு வேலையைப் பற்றிய சின்னக் குறிப்பு, எழுத உட்காரும்போது எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒரே ஒரு வேலையை வைத்துக்கொண்டு இங்கே பதில் சொல்கிறேன்: வாட்டர்புரூஃபிங் செய்யும் ஓர் அண்ணன் செத்தாபாக்கில் சரிசெய்த பாத்ரூம் கசிவு. ஏர்கோன், வயரிங், கேட்டரிங், கணக்கு எழுதுவது என்று உங்கள் தொழில் எதுவாக இருந்தாலும் வழி இதேதான்.

அக்கா, பதினாலு வருஷமா இந்த வேலை செய்றேன். எதை எழுதுறது? இருக்கிறதுலயே பெரிய வேலையை எழுதட்டுமா?

வேண்டாம் அண்ணே. அடுத்த மாதம் இதே மாதிரி இன்னும் மூன்று வந்தால் நல்லது என்று நினைக்கிற வேலையை எழுதுங்கள்.

இந்த அண்ணன் முதலில் எழுத நினைத்தது ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலைக் கூரையை. பெரிய வேலை, படமும் பிரமாதமாக இருந்தது. ஆனால் அவருக்குத் தொழிற்சாலைக் கூரை வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம், அதுவும் தெரிந்தவர் மூலமாகத்தான் வரும். தினமும் போன் அடிப்பது அடுக்குமாடி வீட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவர் கூரைப் படத்தைப் பார்த்தால், "இவர் பெரிய வேலைக்காரர், என் பாத்ரூமுக்கு வரமாட்டார்" என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார். அதனால் கூரையைத் தள்ளி வைத்துவிட்டு, பத்தாம் மாடி வீட்டுப் பாத்ரூம் கசிவை எடுத்தோம்.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றும் பாருங்கள். அந்த வேலையில் நீங்கள் ஏதாவது முடிவெடுத்திருக்க வேண்டும். இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம் என்று இருந்த இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த வேலைதான் எழுதத் தகுந்தது. சொன்னதைச் செய்து முடித்து வந்த வேலையில் நேர்மை இருக்கும், கதை இருக்காது.

"எங்கள் நிறுவனம் 2011ல் தொடங்கப்பட்டு" என்று ஆரம்பிக்கலாமா?

அந்த வரியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதல் வரி ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது. அந்த வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் உரையாடலைத் திறந்து மேலே, மேலே, அவர் உங்களுக்கு முதன்முதலாக அனுப்பிய செய்தி வரைக்கும் போங்கள்.

அண்ணன் போனில் நான் அப்படித்தான் தேடினேன். பத்தாம் மாடி வீட்டுக்காரர் அனுப்பிய முதல் செய்தி இது: "பாஸ், பாத்ரூம் சிலிங்ல மஞ்சள் கறை. மழை இல்லாத நாள்லயும் சொட்டுது. ரெண்டு தடவை ஆள் கூப்பிட்டு ஊசி போட்டாச்சு, திரும்ப வருது. மேல் வீட்டுக்காரர் தன் வீட்ல ஒன்னும் இல்லைங்கிறார்."

இந்த நாலு வரியில் எல்லாமே இருக்கிறது. கறையின் நிறம், எப்போது சொட்டுகிறது, கசிவை அடைக்க ஊசி போட்டு ஏற்கெனவே செலவழித்த பணம், மேல் வீட்டுக்காரரோடு சச்சரவு. அண்ணன் எழுதி வைத்திருந்த வரியோ இப்படி: "மெம்பரேன் பழுதடைந்ததால் ஏற்பட்ட இடைத்தளக் கசிவு வெற்றிகரமாகச் சரிசெய்யப்பட்டது." மெம்பரேன் என்பது தரைக்கு அடியில் தண்ணீரைத் தடுக்கும் பூச்சு. அது பழுது என்பது வேலை முடிந்த பிறகு தெரிந்த விஷயம். கசிவு உள்ளவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது மஞ்சள் கறை மட்டும். கூகளில் அவர் தேடுவதும் கறையைத்தான், காரணத்தை அல்ல. உங்கள் குறிப்பு கறையில் தொடங்கினால், "இது நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கே" என்று நின்று படிப்பார்.

ஆக, வாடிக்கையாளர் பார்த்ததில் தொடங்குங்கள். காரணம் நடுவில் வரட்டும்.

என் வேலையில சொல்ல என்ன இருக்கு? டைல்ஸை ஹேக் பண்ணி உடைச்சேன், பூசினேன், டைல்ஸ் ஒட்டினேன். அவ்வளவுதான்.

பழகிய கைக்கு எல்லாமே "அவ்வளவுதான்" ஆகிவிடும். அதனால் வேலை முடிந்த ஒரு வாரத்துக்குள், ஞாபகம் அழிவதற்கு முன், வேறு யாரையாவது உங்களிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்களே போதும். கேள்வி ஒன்றுதான்: "ஏன் அப்படிச் செய்தீங்க, வேற மாதிரி செய்திருக்கலாமே?" ஒவ்வொரு படிக்கும் இதையே கேட்கச் சொல்லி, பதிலை வாய்ஸ் மெசேஜாகப் பதிவு செய்யுங்கள்.

நான் கேட்டபோது அண்ணன் சொன்னது பாருங்கள். போன உடனே அவர் எதையும் உடைக்கவில்லை. மேல் வீட்டில் இரவு பத்து மணிக்கு எல்லாக் குழாயையும் மூடச் சொல்லி, தண்ணீர் மீட்டரைப் படம் எடுத்தார். காலை ஏழு மணிக்கு, யாரும் தண்ணீர் திறப்பதற்கு முன், மறுபடி எடுத்தார். எண் நகரவே இல்லை. அப்படியென்றால் வீட்டுக்குள் வரும் தண்ணீர்க் குழாயில் கசிவு இல்லை. அடுத்து, மேல் வீட்டுப் பாத்ரூமில் தண்ணீர் வடியும் ஃப்ளோர் டிராப்பை அடைத்துவிட்டு, ஓர் அங்குல உயரம் தண்ணீர் கட்டி வைத்தார். பதினாலு மணி நேரம் கழித்துக் கீழ் வீட்டு சிலிங்கில், பழைய கறையின் ஓரத்தில், புதிதாக ஈரம் வந்தது. கோளாறு தரையில்தான் என்று அப்போதுதான் உறுதியானது.

"ஏன் மறுபடி ஊசியே போடலை? அது மலிவாச்சே?" என்று கேட்டேன். அண்ணன் விளக்கினார்: பி.யூ. ஊசி என்பது கீழிருந்து கான்கிரீட் வெடிப்புக்குள் ரசாயனத்தைச் செலுத்தி அடைப்பது. ஒரே ஒரு வெடிப்பு என்றால் அது போதும். ஆனால் மேலே தரைக்கு அடியில் உள்ள தடுப்புப் பூச்சே கிழிந்திருந்தால், தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் தேங்கி நின்று வேறு வெடிப்பைத் தேடிக்கொள்ளும். இரண்டு தடவை அடைத்தும் சில மாதத்தில் வேறு இடத்தில் சொட்டியது அதனால்தான். இதைச் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. இந்த விளக்கம்தான் கேஸ் ஸ்டடியின் உயிர். வாடிக்கையாளர் காசு கொடுப்பது உங்கள் கைக்கு மட்டுமல்ல, எதைச் செய்யக்கூடாது என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதற்கும் சேர்த்துத்தான்.

ஒன்று மட்டும் கவனம். முன்னால் ஊசி போட்டவரைக் குறை சொல்லி எழுதாதீர்கள். "அந்த முறை இந்த இடத்துக்குப் போதவில்லை" என்றால் போதும். படிப்பவர் ஏற்கெனவே ஒருவரை நம்பி ஏமாந்திருப்பார். அவருடைய முந்தைய முடிவை முட்டாள்தனம் என்று சொன்னால் உங்களைக் கூப்பிட மனம் வராது.

முழுசா ஒரு மாதிரி காட்டுங்களேன்.

கடைசியில் நாங்கள் போட்டது இது. ஒரு நிமிஷத்தில் படித்துவிடலாம்.

> ஊசி போட்டும் நிற்காத பாத்ரூம் கசிவு, செத்தாபாக்
>
> பாத்ரூம் சிலிங்கில் மஞ்சள் கறை, மழை இல்லாத நாளிலும் சொட்டு. பத்தாம் மாடி வீட்டுக்காரர் எங்களைக் கூப்பிட்டபோது ஏற்கெனவே இரண்டு தடவை ஊசி போட்டு அடைத்திருந்தார். சில மாதம் நிற்கும், பிறகு வேறு இடத்தில் சொட்டும்.
>
> மேல் வீட்டுக்காரரின் ஒத்துழைப்போடு முதலில் சோதித்தோம். இரவு முழுக்கக் குழாய்களை மூடி வைத்தும் மீட்டர் நகரவில்லை. எனவே குழாயில் கோளாறு இல்லை. பாத்ரூம் தரையில் தண்ணீர் கட்டி வைத்ததும், பதினாலு மணி நேரத்தில் கீழே ஈரம் வந்தது.
>
> மூன்றாம் தடவை ஊசி போடுவது மலிவு. ஆனால் தரைக்கு அடியில் உள்ள பூச்சு ஃப்ளோர் டிராப்பைச் சுற்றிக் கிழிந்திருந்தால் அது பலன் தராது. டைல்ஸை எடுத்துப் பார்த்தோம். கிழிசல் அங்கேதான் இருந்தது (படம் 2).
>
> புதிய பூச்சு இரண்டு தடவை, சுவரிலும் ஓர் அடி உயரத்துக்கு. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் மறுபடி 24 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்தோம். கீழ் வீட்டு சிலிங் காய்ந்தே இருந்தது.
>
> ஆறு வேலை நாள். டைல்ஸ் உட்பட 3,800 வெள்ளி. நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தோம், கறை திரும்பவில்லை.
>
> உங்கள் சிலிங்கில் இப்படிக் கறை இருந்தால், அதை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஊசி போதுமா, தரையைத் திறக்க வேண்டுமா என்று அறிய என்ன சோதனை தேவை எனச் சொல்கிறோம்.

"தரமான சேவை", "அனுபவமிக்க குழு", "நியாயமான விலை" இதில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மீட்டரை இரண்டு வேளை படம் எடுத்தவர் தரமானவர் என்று படிப்பவரே முடிவு செய்துகொள்வார்.

விலையைப் போட்டா போட்டிக்காரன் குறைச்சுச் சொல்லிடுவானே?

குறைத்துச் சொல்லட்டும். விலை போட்டதும் அண்ணனுக்கு வரும் அழைப்பு கொஞ்சம் குறைந்தது, ஆனால் வந்தவர்களில் வேலை கொடுத்தவர்கள் கூடினார்கள். முன்னால் ஐந்நூறு வெள்ளியில் முடிக்க நினைத்தவர்களுக்கும் காஜாங் வரை வண்டி ஓட்டிப் போய்க் கோட்டேஷன் கொடுத்து வருவார்.

தொகையைத் தனியாக விடாமல், அதில் என்ன அடக்கம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். டைல்ஸ் உட்பட, குப்பை அள்ளுவது உட்பட என்று. கொண்டோ மேனேஜ்மெண்டில் கட்டும் டெபாசிட் யார் கணக்கு என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது. வேலைக்கு வேலை விலை ரொம்ப மாறும் தொழில் என்றால், எதனால் கூடும், எதனால் குறையும் என்பதையாவது எழுதுங்கள்.

வாடிக்கையாளர் ஒத்துக்கலைன்னா? பேரைப் போடாம எழுதினா சரியா?

பெயர் தேவையே இல்லை. "செத்தாபாக்கில் ஓர் அடுக்குமாடி வீடு, பத்தாம் மாடி" என்றாலே படிப்பவருக்குப் போதும். கட்டடத்தின் பெயரும் வேண்டாம். ஆனால் பெயர் போடாவிட்டாலும் அனுமதி கேட்டுவிடுங்கள். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அது ஒரு பக்கம். அதைவிட, நம் ஊர் சின்ன ஊர், யார் வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதில் நான் ஒருமுறை பெரிய தப்பு செய்தேன். வேறொரு கசிவு வேலையில் கீழ் வீட்டுக்காரர் சந்தோஷமாக அனுமதி கொடுத்தார். நானும் எழுதிப் போட்டேன். ஒரு படத்தின் ஓரத்தில் மேல் வீட்டுக் கதவு எண் தெரிந்தது, நான் கவனிக்கவில்லை. அந்தக் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் அது சுற்றியது. மேல் வீட்டம்மா போன் செய்து, "என் பாத்ரூமை ஊருக்கே காட்டிட்டீங்களே" என்று அழுதார். அன்றே எல்லாவற்றையும் எடுத்தேன், நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

கசிவு வேலையில் எப்போதும் இரண்டு வீடு உண்டு. அடுக்குமாடிக் கட்டடங்களுக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளும், வேறு காரணம் என்று நிரூபிக்கப்படாத வரை கோளாறு மேல் வீட்டில்தான் என்று எடுத்துக்கொள்கின்றன. செலவு பெரும்பாலும் மேல் வீட்டுக்காரர் தலையில் விழும். ஏற்கெனவே மனம் நொந்திருப்பவர் அவர்தான். அதனால் இரண்டு பேரிடமும் கேளுங்கள். எழுதும்போதும் "மேல் வீட்டுத் தவறு" என்று எழுதாமல் "தரைக்கு அடியில் பூச்சு கிழிந்திருந்தது" என்று எழுதுங்கள்.

கேட்க நல்ல நேரம் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நேரம். எழுதியதைக் காட்டி, "இதைப் போடலாமா? வீட்டு எண், கட்டடப் பெயர், முகம் எதுவும் இல்லை. எப்போது வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுவேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "சரி" என்று அவர் அனுப்பும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை படம் போடணும்?

மூன்று. முதல் நாள் கறை, டைல்ஸை எடுத்ததும் தெரிந்த கிழிசல், சில மாதம் கழித்து அதே சிலிங். முதலாவதும் கடைசியும் ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் எடுத்திருக்க வேண்டும், விளக்கு எரிந்தால் இரண்டிலும் எரியட்டும். கோணம் மாறினால் வேறு வீடோ என்று சந்தேகம் வரும். அப்புறம், போன் கேமராவில் இடம் பதிவாகும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் அசல் படத்தோடு வீட்டு இருப்பிடமும் சேர்ந்து போகலாம்.

நடுப்படம்தான் முக்கியம், எல்லோரும் எடுக்க மறப்பதும் அதுதான். மூடிய பிறகு அதைத் திரும்ப எடுக்கவே முடியாது. வேலையாட்களிடம் சொல்லி வையுங்கள்: உடைத்ததும் முதலில் படம், அப்புறம்தான் டீ.

தமிழ்ல எழுதணுமா, மலாய்லயா, இங்கிலீஷ்லயா?

உங்களுக்கு வரும் முதல் செய்திகள் எந்த மொழியில் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள், அதே மொழியில் எழுதுங்கள். அண்ணனுக்குப் பாதிக்கு மேல் மலாயில் வருவதால் மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று போட்டோம். கல்யாண கேட்டரிங் என்றால் தமிழே போதும்.

வாடிக்கையாளர் "வெரி குட் சர்வீஸ்"னு மட்டும்தான் எழுதிக் கொடுத்தார். அதைப் போடலாமா?

போடலாம், பயன் குறைவு. "எப்படி இருந்தது?" என்று கேட்டால் அப்படித்தான் பதில் வரும். "கூப்பிடுவதற்கு முன் எதை நினைத்துத் தயங்கினீர்கள்?" என்று கேளுங்கள். செத்தாபாக் வீட்டுக்காரர், "இவரும் ஊசி போட்டுட்டுப் போயிடுவாரோன்னு பயந்தேன்" என்றார். அடுத்து வருபவருக்கும் இருக்கும் பயம் அது. அவர் சொன்னபடியே, பேச்சு வழக்கிலேயே போடுங்கள். திருத்தி அழகாக்கினால் நீங்களே எழுதியது போலத் தெரியும்.

கடைசியில "தொடர்புக்கு"ன்னு நம்பர் போட்டா போதாதா?

நம்பரைப் பார்த்ததும் என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்று பலருக்குத் தெரியாது, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். அவர்கள் எளிதாகச் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். மாதிரியில் "கறையை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டது அதற்காகத்தான். அதற்கு விலையும் இல்லை, வெட்கமும் இல்லை.

அந்த வரியின் கீழே வாட்ஸ்அப் இணைப்பு வையுங்கள். அழுத்தியதும் செய்தி பாதி எழுதிய நிலையில் திறக்கும்:

```
https://wa.me/60XXXXXXXXX?text=Siling%20bilik%20air%20bocor
```

60க்குப் பிறகு உங்கள் எண், முன்னால் உள்ள பூஜ்யம் இல்லாமல். கூட்டல் குறியும் கோடும் வேண்டாம். %20 என்பது சொற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி. ஒவ்வொரு கேஸ் ஸ்டடிக்கும் வேறு வேறு வாசகம் வைத்தால், எதைப் படித்துவிட்டு வந்தார் என்பது முதல் செய்தியிலேயே தெரிந்துவிடும்.

போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. யாரும் கேட்கலை. என்ன தப்பு?

முதலில், யாராவது பார்க்கிறார்களா என்று பாருங்கள். பார்க்கவே இல்லையென்றால் எழுத்தில் தப்பில்லை, போட்ட இடத்தில்தான். கோட்டேஷன் அனுப்பும்போதெல்லாம் கூடவே இந்த இணைப்பையும் அனுப்புங்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனவருக்கு மறுநாள் அனுப்புவதுதான் என் அனுபவத்தில் அதிகம் பலித்த வழி.

பார்த்தும் கேட்கவில்லையென்றால் தலைப்பையும் முதல் இரண்டு வரியையும் மாற்றுங்கள். பெரும்பாலும் அங்கே உங்கள் நிறுவனமோ காரணமோ உட்கார்ந்திருக்கும், வாடிக்கையாளரின் கறை இருக்காது. விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால், ஏன் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்கிற நடுப்பகுதி மெலிந்திருக்கிறது. உங்களுக்கும் அடுத்தவருக்கும் விலையைத் தவிர வேறு வித்தியாசம் அவர்களுக்குத் தெரியவில்லை. உங்களால் செய்ய முடியாத வேலையைக் கேட்டு வருகிறார்கள் என்றால், எல்லையை ஒரு வரியில் எழுதுங்கள். அண்ணன் "வெளிச்சுவர்க் கசிவு எடுப்பதில்லை, அதற்குக் கட்டட நிர்வாகத்திடம் பேசுங்கள்" என்று சேர்த்தார்.

நான் எழுதிப் போட்ட வேலையே திரும்ப லீக் ஆகிடுச்சுன்னா?

அன்றைக்கே அந்தப் பக்கத்தை இறக்குங்கள். போய்ப் பாருங்கள், காரணத்தைக் கண்டுபிடியுங்கள், சரிசெய்யுங்கள். வாடிக்கையாளர் சம்மதித்தால் நடந்ததையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள்: எந்த மாதம் திரும்ப வந்தது, எதைத் தவறவிட்டோம், அவருக்குச் செலவு வைக்காமல் எப்படி முடித்தோம் என்று.

இந்தப் பயத்தினால்தான் வேலை முடிந்த அன்றே போடாமல் மூன்று நான்கு மாதம் காத்திருக்கச் சொல்கிறேன். செத்தாபாக் வீட்டுக்கு அண்ணன் ஒரு வருஷம் கழித்தும் ஒரு தடவை போனார். அதே இடத்தில் நின்று சிலிங்கைப் படம் எடுத்து அனுப்பினார். "நான்கு மாதம்" என்று இருந்ததை அழித்துவிட்டு "ஒரு வருஷம்" என்று மாற்றினேன்.